விடைக்குறிப்பு ஒன்று சொல்கிறது, பாடநூல் வேறொன்று சொல்கிறது

யுஜிசி நெட் தேர்வின் மேலாண்மைத் தாள் எழுதிய என் அக்கா மகள் போன வாரம் புத்தகமும் கையுமாக வீட்டுக்கு வந்தாள். தற்காலிக விடைக்குறிப்பில் ஒரு கேள்விக்குத் தவறான விடை கொடுத்திருக்கிறார்கள் என்றாள். "மாமா, பாடநூலில் சூத்திரமே இருக்கிறது, பாருங்கள்" என்று பக்கத்தை விரித்துக் காட்டினாள். ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கேள்விக்கு 200 ரூபாய். அந்தப் பணம் திரும்பி வராது. கட்டுவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

முதலில் பார்த்தது பாடத்தை அல்ல, எண்களை. விடைக்குறிப்பு ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடையாள எண்ணையும், சரியான விடைக்கு ஓர் அடையாள எண்ணையும் தருகிறது. நம் விடைத்தாளிலோ நாம் தேர்ந்தெடுத்தது 1, 2, 3, 4 என்ற வரிசை எண்ணாக இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்க்காமல், சரியாக எழுதியதையே தவறென்று நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு. இவளுக்கு அந்தக் குழப்பம் இல்லை. விடைக்குறிப்பு சொன்ன விடை 1.67. இவள் எழுதியது 1.25.

கேள்வி ஃபைனான்ஷியல் லீவரேஜின் அளவைப் பற்றியது. எண்களை எளிதாக்கிச் சொல்கிறேன். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 10 லட்சம். வட்டி 2 லட்சம். முன்னுரிமைப் பங்குகளுக்கான ஈவுத்தொகை 1.2 லட்சம். வரி 40 சதவீதம். பாடநூல் சூத்திரப்படி, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை வரிக்கு முந்தைய லாபத்தால் வகுக்க வேண்டும். 10ஐ 8ஆல் வகுத்தால் 1.25. கணக்கில் பிழை இல்லை. அவளுடைய கோபம் எனக்குப் புரிந்தது.

இந்த இடத்தில் சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு வரையறைக்குப் போக வேண்டும் என்பதுதான் என் கருத்து. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் ஒரு சதவீதம் மாறினால், சாதாரணப் பங்கு ஒன்றுக்கான வருவாய் எத்தனை சதவீதம் மாறும்? அந்த அளவு கேட்பது இவ்வளவுதான். எந்தப் புத்தகமும் இல்லாமல் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

சாதாரணப் பங்குகள் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டோம். 10 லட்சத்தில் வட்டி போக 8 லட்சம், வரி 3.2 லட்சம் போக 4.8 லட்சம், முன்னுரிமை ஈவுத்தொகை போக 3.6 லட்சம். பங்குக்கு 3.60 ரூபாய். இப்போது லாபத்தைப் பத்து சதவீதம் கூட்டி 11 லட்சமாக்கினோம். வட்டி போக 9, வரி போக 5.4, ஈவுத்தொகை போக 4.2. பங்குக்கு 4.20 ரூபாய். 3.60க்கு 60 காசு கூடியிருக்கிறது, அதாவது 16.67 சதவீதம். லாபம் கூடியது பத்து சதவீதம். ஆக அளவு 1.67. விடைக்குறிப்பு சரி.

அவள் பென்சிலை வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்த 60 காசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் புத்தகம் தவறா? அதுவும் இல்லை. நான்கு பக்கம் பின்னால் புரட்டினோம். அந்த அத்தியாயத்தின் உதாரண நிறுவனத்துக்கு முன்னுரிமைப் பங்கே கிடையாது. கடன் பத்திரமும் சாதாரணப் பங்கும் மட்டும். அந்த நிலைமையில் சுருக்கச் சூத்திரம் முழுக்கச் சரி. முன்னுரிமை ஈவுத்தொகை வரும்போது வகுக்கும் எண்ணிலிருந்து அதையும் கழிக்க வேண்டும். அப்படியே கழிக்கவும் கூடாது. வட்டிக்கு வரிச்சலுகை உண்டு, இந்த ஈவுத்தொகைக்குக் கிடையாது, வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணத்திலிருந்துதான் அது போகிறது. அதனால் 1.2 லட்சத்தைக் கொடுக்க வரிக்கு முன் 2 லட்சம் சம்பாதித்திருக்க வேண்டும். 1.2ஐ 0.6ஆல் வகுத்தால் அந்த 2 லட்சம் வரும். 10ஐ 6ஆல் வகுத்தால் மீண்டும் 1.67.

அந்தக் கேள்விக்குத் தேர்ந்தெடுக்கக் கொடுத்த விடைகளில் இன்னொன்று 1.47. வரியைக் கவனிக்காமல் 1.2 லட்சத்தை நேராகக் கழித்தவர்களுக்கு வருவது அது. கேள்வியில் வரி விகிதத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். அவளுடைய சூத்திரத்தில் அந்த 40 சதவீதத்துக்கும் வேலையில்லை, 1.2 லட்சத்துக்கும் வேலையில்லை. கொடுத்த எண்களில் இரண்டு சும்மா நின்றால், நாம் எடுத்த சூத்திரம் இந்தக் கேள்விக்கு உரியதுதானா என்று சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு வருத்தம் புத்தகம் எழுதுகிறவர்கள் மீது. "முன்னுரிமைப் பங்குகள் இல்லாதபோது" என்ற மூன்று சொற்களைச் சூத்திரத்துக்குப் பக்கத்தில் அச்சிட என்ன தடை? வகுப்பில் அதைச் சொல்லாமல் கடந்துபோகும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு.

ஆட்சேபத்துக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. இதே கேள்வியில் வரி விகிதம் விடுபட்டிருந்தால் 1.67ஐ யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்போது கேள்வியே குறையுள்ளது, 200 ரூபாயைத் தயங்காமல் கட்டலாம். 'அளவு' என்று கேட்காமல் வெறுமனே ஃபைனான்ஷியல் லீவரேஜ் என்று கேட்டிருந்தாலும் வாதாட இடமுண்டு, ஏனென்றால் அதைச் சுருக்கச் சூத்திரத்தாலேயே வரையறுக்கும் நூல்கள் இருக்கின்றன. அப்போதும் பக்கத்தின் நகலை மட்டும் இணைத்தால் போதாது. நாங்கள் போட்டதுபோல் இரண்டு நிலைகளின் கணக்கையும் வரிவரியாக எழுதி இணைக்க வேண்டும், சரிபார்க்கும் நிபுணர் அதைத்தான் தேடுவார்.

அவள் இந்தக் கேள்வியை விட்டுவிட்டாள். புத்தகத்தின் ஓரத்தில் அந்த விடுபட்ட மூன்று சொற்களைப் பென்சிலால் எழுதிக்கொண்டு, பட்டியலில் இருந்த அடுத்த கேள்வியை எடுத்தாள்.