விலையைக் குரலில் சொல்லாதீர்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் முறுக்கு சுட்டு விற்கும் அக்காவுக்குப் போன தீபாவளிக்கு முன் ஒரு ரீல் செய்து கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "என்ன தம்பி, அத்தனை பேரும் விலை என்னன்னே கேக்குறாங்க. நான்தான் பேசும்போதே சொல்லிட்டேனே?"

சொல்லியிருந்தார், உண்மைதான். விலை, புலன எண், வீடு இருக்கும் இடம் என்று எல்லாமே குரலில் இருந்தன. அதையே வேறு வார்த்தைகளில் நான் திரையிலும் ஓடவிட்டிருந்தேன். கேப்ஷனில் இருந்தது 'தீபாவளி ஸ்பெஷல்' என்ற ஒரு வரியும் பத்து ஹேஷ்டேக்கும்தான். தப்பு என்னுடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு ரீலுக்கும் எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்த பிறகுதான் கேமராவையே எடுக்கிறேன்.

நான் முதலில் எழுதுவது கேப்ஷனை. ரீலை ஏற்றிய பிறகும் அதைத் திருத்த முடியும். குரலையோ படத்தில் பதித்த எழுத்தையோ மாற்ற வேண்டுமென்றால் அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். வந்த கருத்துகளும் பகிர்வுகளும் அதோடு போய்விடும். அக்காவுக்கு நடந்ததும் இதுதான். எண்ணெய் விலை ஏறியதால் கிலோவுக்கு இரண்டு வெள்ளி கூட்ட வேண்டியிருந்தது, ரீலோ பழைய விலையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதனால் மாறக்கூடியதும் பார்ப்பவர் திரும்ப வந்து தேடக்கூடியதும் கேப்ஷனுக்குத்தான் போக வேண்டும்: விலை, எண், கடைசி ஆர்டர் தேதி, வந்து எடுக்கும் நேரம். விரித்துப் பார்க்காதவர் கண்ணில் படுவது முதல் வரி மட்டும் என்பதால் விலையும் எண்ணும் அங்கேயே இருக்கட்டும். ஹேஷ்டேக் கடைசியில் போதும்.

திரை எழுத்தின் வேலை மிகச் சிறியது. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு இது என்ன, எந்த ஊர் என்று முதல் மூன்று வினாடிக்குள் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 'விறகடுப்பு முறுக்கு' என்று ஒரு வரி, 'சுங்கை சிப்புட்' என்று இன்னொரு வரி. தடித்த எழுத்தாக இருக்கட்டும். மெல்லிய எழுத்துருவில் சின்னத் திரையில் புள்ளியும் கொம்பும் காணாமல் போகின்றன. திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் எதையும் வைக்காதீர்கள். அங்கேதான் கணக்கின் பெயரும் கேப்ஷனும் வந்து உட்காரும்.

மிச்சம் இருப்பது குரல். நம் ஊர் நிலைமையை இங்கே யோசிக்க வேண்டும். மலாய்ப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் காட்சி மாறிவிடும். தோட்டத்தில் இருந்து வந்த பாட்டிகளுக்கோ கண் தெரிவதில்லை. இந்த இரண்டு பேரையும் பிடித்து நிறுத்துவது குரல்தான். அதைப் போய் எண் சொல்வதற்குச் செலவழிக்கலாமா? பத்து இலக்கத்தைக் கேட்டு யாரும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அக்காவின் இரண்டாவது ரீலில் அவர் இப்படித்தான் பேசினார்: "மாவுல நெய் கூடிப்போனா முறுக்கு எண்ணெயிலேயே உதிர்ந்துடும். கொறைஞ்சுபோனா பல்லை ஒடைக்கும். நான் ஒரு துண்டை முதல்ல போட்டுப் பார்த்துட்டுத்தான் அச்சைப் பிடிப்பேன்." படத்தில் முறுக்கு பொரிவது மட்டும்தான் தெரியும். அவர் கைப்பக்குவத்தைக் காட்ட இந்தக் குரல் தேவை.

முதல் ரீலில் முப்பது வினாடிக்குள் நூற்றுப் பத்து சொற்களைத் திணித்திருந்தேன். அக்கா மூச்சு வாங்க வாங்கப் படித்தார். நிதானமாகப் பேசினால் வினாடிக்கு இரண்டு சொல் வரும். இந்த முறை நாற்பத்தைந்து சொற்களோடு நிறுத்திவிட்டு, மாவு எண்ணெயில் விழும் சத்தத்துக்கு ஐந்து வினாடி விட்டேன். அந்த ஐந்து வினாடியில் குரலும் இல்லை, எழுத்தும் இல்லை.

சத்தத்தை அடைத்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். பேசியதை அப்படியே வசனமாகப் போடுங்கள், ஒரு சொல்கூட மாறாமல். காது 'உதிர்ந்துடும்' என்று கேட்கும்போது கண் 'உடைந்து போய்விடும்' என்று படித்தால் இரண்டும் மனத்தில் நிற்காது. என் முதல் ரீல் கெட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. வசனம் ஓடும்போது வேறு எழுத்து எதையும் திரையில் வைப்பதில்லை. ஊர்ப் பெயர் மூன்று வினாடியில் போய்விடும், அதன் பிறகுதான் அக்கா பேச ஆரம்பிப்பார்.

ஏற்றுவதற்கு முன் ஒருமுறை சத்தமில்லாமல் பார்க்கிறேன். அப்புறம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கிறேன். பிறகு கேப்ஷனை மட்டும் என் தங்கைக்கு அனுப்பி, "இதை வச்சு உன்னால ஆர்டர் கொடுக்க முடியுமா?" என்று கேட்கிறேன். போன முறை அவள், "வீட்டுக்கு வந்து எடுக்கணுமா, அனுப்பி வைப்பாங்களா?" என்றாள். அது விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அக்கா மறுபடி கூப்பிட்டார். இனிமேல் கை தாங்காது, ஆர்டர் போதும் என்றார். கேப்ஷனின் முதல் வரியை 'ஆர்டர் முடிந்தது, பொங்கலுக்குப் பேசுங்கள்' என்று மாற்றினேன். ரீல் அப்படியே இருக்கிறது.