லைக் ஆயிரம் வந்தது, கட்டு அவிழ்ந்ததா?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் மன்றத்துப் பசங்க போன மழைக்காலத்தில் பாம்புக்கடி பற்றி ஒரு வீடியோ போட்டோம். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கை காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ, அவ்வளவுதான் செய்தி. 1,100 லைக். பசங்க பிரியாணி போட்டுக் கொண்டாடிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம், லைக் போட்டவர் வீட்டில் நாளைக்குப் பாம்பு கடித்தால் கயிறைத் தேடுவாரா, வண்டியைத் தேடுவாரா?

அதனால் கமெண்டுகளைப் படிக்க உட்கார்ந்தேன். மொத்தம் 236. "சூப்பர்", கைகூப்பு, "மச்சான் பாரு" எல்லாம் கழித்தால் கருத்து என்று தேறியது 80. ஒப்பிட முந்தைய நிலை வேண்டுமே! அதே ஊர்க் குழுக்களில் வீடியோவுக்கு முன்னால் பாம்புக்கடி பற்றி வந்த பழைய பதிவுகளைத் தோண்டி 50 கருத்துகள் எடுத்தேன். நானும் நர்ஸ் அக்கா ஒருவரும் ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக வகை பிரித்தோம். முதல் சுற்றிலேயே சண்டை. "கட்டு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்பதை நான் மாறியவர் கணக்கில் வைத்தேன், அக்கா மாறாதவர் கணக்கில். அவர் சொன்னதுதான் சரி, ஆனாலும் அதைத் தனி வகையாக்கினோம், ஏனென்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள். அப்புறம் மலையாளத்தில் "கொள்ளாம்", அதாவது நல்லாயிருக்கு, என்று எழுதுகிற சேட்டன் பாராட்டுகிறாரா, கிண்டலா என்பதை அந்தத் தொடர் முழுக்கப் படித்தால்தான் தெரியும்.

கணக்கு இப்படி வந்தது: கட்டு, மந்திரிப்பு என்றவர்கள் முன்னால் 50ல் 31, பின்னால் 80ல் 33. 62 சதவீதம் 41 ஆனது. மார் தட்டிக்கொள்ளலாம்தானே? பெயர்களை ஒத்துப் பார்த்தபோது காற்று இறங்கிவிட்டது. வீடியோவுக்கு முன்னாலும் பின்னாலும் எழுதியவர்கள் 9 பேர்தான், அதில் மாறியவர்கள் 3. மீதிச் சரிவில் பெரும்பகுதி, ஏற்கெனவே ஆஸ்பத்திரி கட்சியில் இருந்த புது ஆட்கள் வந்து எழுதியதால்கூட இருக்கலாம்.

ஷேரையும் ஆதரவு என்று எண்ணிவிடக் கூடாது. பொதுவில் தெரிந்தவற்றில் மேலே ஏதாவது எழுதிப் பகிர்ந்தவர்கள் 11 பேர், அதில் 4 பேர் திட்டித்தான் பகிர்ந்திருந்தார்கள். "எங்க தாத்தா மந்திரிச்சே பிழைச்சாரு" என்று ஒருவர். பொய் சொல்லவில்லை அவர். கடிக்கிற பாம்பில் பலதுக்கு விஷமே கிடையாது, நல்ல பாம்பே கடித்தாலும் சில நேரம் விஷம் இறங்காது, பெயர் மந்திரவாதிக்குப் போய்விடும். எங்கள் வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்த வீடியோ இதைத்தான் பேசும்.

வாட்ஸப்பில் போனது எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியாது, கமெண்ட் எழுதாத கிழவிகளும் கணக்கில் இல்லை. அதனால் இந்த மழைக்காலத்தில் கடிபட்டு வருகிறவர்களில் எத்தனை பேர் காலில் கட்டோடு வருகிறார்கள் என்று, பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லி அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.