நட்சத்திரப் பழம்: பொட்டாசியம் மட்டும் அல்ல

"சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நட்சத்திரப் பழத்தில் பொட்டாசியம்தானே பிரச்சினை? டயாலிசிஸுக்கு முந்தின நாள் ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன?"

வேண்டாம், அரைப் பழத்திலேயே பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. இங்கே பெரிய வில்லன் பொட்டாசியம் அல்ல, கேரம்பாக்சின் என்ற நரம்பு நச்சு. 2013இல் பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுத்து அடையாளம் காட்டினார்கள். ஃபினைல்அலனின் போன்ற அமைப்புள்ள அமினோ அமிலம் இது. நல்ல சிறுநீரகம் இதைச் சிறுநீரில் தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. இரத்தத்தில் தேங்கி, மூளைக்குள் போய், நரம்பணுக்களைக் கிளர்ச்சியடைய வைக்கும் குளுட்டமேட் ஏற்பிகளைத் தூண்டிக்கொண்டே இருக்கும்.

என் மாமா டயாலிசிஸில் இருப்பவர். ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு மரத்துப் பழம் ஒன்றை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்டார். ராத்திரி விக்கல். தண்ணீர், சர்க்கரை எதற்கும் நிற்கவில்லை. வாயு என்றுதான் நினைத்தோம். விடியும்போது வாந்தி, பேச்சில் குழப்பம். நல்லவேளை, பழத்தைப் பற்றி அத்தை டாக்டரிடம் சொன்னார், உடனே இயந்திரம் வழியாக இரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஹீமோடயாலிசிஸ் போட்டார்கள். தாமதித்தால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். விக்கலுக்கு மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. வயிற்று வழி டயாலிசிஸ் இதற்குப் பெரும்பாலும் போதாது.

அப்புறம், சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: இதில் ஆக்சலேட் அதிகம், புளிப்பு ரகத்தில் இன்னும் அதிகம். வெறும் வயிற்றில் நிறைய ஜூஸ் குடித்து, ஆக்சலேட் படிகங்கள் அடைத்துச் சிறுநீரகம் திடீரெனப் பழுதானவர்களும் இருக்கிறார்கள். மாமா இப்போது அந்த மரத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.