எரிவாயு கிடைத்தது, நாற்காலி நின்றுபோனது

நாணயத்தின் மதிப்பு ஏறினாலே நாடு முன்னேறுகிறது என்று சொல்பவர்களிடம் ‘டச்சு நோய்’ என்ற பொருளாதாரச் சிக்கலை விளக்கும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். முதலில் சலித்துக்கொள்வார்கள். கடைசி வரிக்கு வந்ததும் காகிதத்தை வாங்கித் தாங்களே ஒருமுறை கழித்துப் பார்ப்பார்கள்.

ஒரு சின்ன நாடு, அதில் மர நாற்காலி ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். நாற்காலி 10 டாலருக்குப் போகிறது. டாலருக்கு உள்ளூர்ப் பணம் 100 என்றால் கைக்கு வருவது 1,000. இறக்குமதி மரமும் வார்னிஷும் 4 டாலர், அதாவது 400. கூலி, வாடகை, லாரிச் செலவு என்று உள்ளூரில் போவது 500. மிச்சம் 100.

இப்போது கடலில் எரிவாயு கிடைக்கிறது. அதை விற்று வந்த டாலரை அரசு உள்ளூர்ப் பணமாக மாற்றிச் செலவு செய்யத் தொடங்குகிறது. சந்தையில் டாலர் மலிந்து, உள்ளூர் நாணயத்தின் மதிப்பு ஏறி, ரேட் 90க்கு வருகிறது. நாற்காலி விலையைக் கூட்ட வழியில்லை, வேறு நாட்டுக்காரர் 10 டாலருக்கே தரத் தயாராக இருக்கிறார். ஆகவே வரவு 900. மரச் செலவும் 360ஆகக் குறைகிறது, அது ஒரு ஆறுதல். உள்ளூர்ச் செலவு அதே 500. மிச்சம் 40. இழுத்துப் பிடித்தால் ஓட்டலாம்.

ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. வாயுப் பணத்தில் ஊரெல்லாம் கட்டட வேலை. தச்சருக்கு அங்கே கூடுதல் கூலி. அவரைத் தக்கவைக்க முதலாளியும் ஏற்றித்தர வேண்டும், வாடகையும் கூடவே ஏறுகிறது. உள்ளூர்ச் செலவு 550 ஆகிறது. 900இல் 360ஐயும் 550ஐயும் கழித்துப் பாருங்கள், நாற்காலிக்கு 10 நட்டம். தொழிற்சாலையில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

“அப்படியானால் ரேட்டை 100இலேயே கட்டிப்போடலாமே?” என்று உடனே கேட்பார்கள். கட்டிப்போட மத்திய வங்கி வரும் டாலரையெல்லாம் வாங்கி, பதிலுக்கு உள்ளூர்ப் பணத்தை வெளியே விட வேண்டும். கடன் பத்திரம் விற்று அந்தப் பணத்தைத் திரும்ப உறிஞ்சலாம், அதற்கு வட்டி கட்ட வேண்டும். உறிஞ்சாமல் விட்டால் கூலியும் வாடகையும் ஏறும். ரேட் 100, உள்ளூர்ச் செலவு 610 என்று போட்டுப் பாருங்கள். அதே 10 நட்டம்தான். நாணய ரேட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

ஒரு நாட்டைப் பிடித்திருப்பது இந்த நோய்தானா என்று கண்டுபிடிக்க நான் முடிதிருத்தும் கூலியைப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள். முடிவெட்டுவதை இறக்குமதி செய்ய முடியாது, அதனால் முடிதிருத்துபவர் விலை ஏற்றலாம். நாற்காலிக்காரரால் முடியாது. சலூன், வாடகை, கொத்தனார் கூலி எல்லாம் ஏறும்போது ஏற்றுமதி ஆலைகள் மட்டும் சுருங்கினால், சந்தேகப்படலாம். எல்லாமே சேர்ந்து படுத்திருந்தால் காரணம் வேறு. 1982இல் பொருளியலாளர்கள் கார்டனும் நியரியும் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரத்தில் பாதி இதுதான். மீதிப் பாதி, வாயுத் தொழிலே நேரடியாக ஆட்களை இழுத்துக்கொள்வது. வாயு எடுக்க ஆள் அதிகம் தேவைப்படாததால் பல நாடுகளில் அது சின்ன விஷயம்.

இதற்கு ‘டச்சு நோய்’ என்று பெயர் வந்த கதை தெரிந்திருக்கும். 1959இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் பெரிய எரிவாயு வயல் அகப்பட்டது. பிறகு அந்நாட்டு நாணயமான கில்டர் வலுத்து ஆலைகள் திணறின. 1977இல் தி எகனாமிஸ்ட் பத்திரிகை இந்தப் பெயரை வைத்தது. பழி முழுவதையும் வாயுவின் தலையில் கட்டுவது நியாயமில்லை. எழுபதுகளின் எண்ணெய் விலையேற்றம் அங்கேயும் அடித்தது.

நார்வே எண்ணெய், எரிவாயுப் பணத்தைப் போட்டுவைக்க 1990இல் சட்டம் போட்டு நிதியம் அமைத்தது, 1996இல் முதல் பணம் போட்டது. எல்லாரும் அதைச் சேமிப்பு என்று புகழ்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த நிதியம் வெளிநாட்டில் மட்டுமே முதலீடு செய்கிறது என்பது. டாலர் நார்வே நாணயமான குரோனராக மாறாதவரை நாணய மதிப்பை அது ஏற்றாது. 2001இல் வந்த விதிப்படி, நிதியத்தில் எதிர்பார்க்கும் வருமான அளவுக்குத்தான், அப்போது 4 சதவீதம், பட்ஜெட்டில் செலவழிக்கலாம். 2017இல் அதையும் 3 ஆக்கினார்கள்.

ஏழை நாட்டுக்கு அது சரிப்படாது, பள்ளியும் சாலையும் இன்றைக்கே வேண்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செலவிலும் வித்தியாசம் உண்டு. மின்நிலையத்துக்கு வெளியிலிருந்து இயந்திரம் வாங்கினால் வந்த டாலர் டாலராகவே வெளியே போகிறது, ரேட் அசையாது. அதே பணத்தில் சம்பளமும் மானியமும் கட்டடமும் என்று ஒரே வருடத்தில் இறக்கினால், நேராகத் தச்சர் கூலியில் போய் நிற்கும். அப்புறம் வாயு விலை விழுந்து ரேட் 100க்குத் திரும்பினாலும், நாற்காலியை வாங்கிக்கொண்டிருந்தவர் வேறு நாட்டில் ஒப்பந்தம் போட்டிருப்பார், தச்சர் சாரத்தின் மேல் இருப்பார்.