43 கையெழுத்து, 43 தலையாட்டல், ஆறு கொக்கியும் அந்தரத்தில்

இன்றைக்கும் அதே கூத்துதான். காலைப் பாதுகாப்புப் பேச்சுக்கு 43 கையெழுத்து, ஒன்றுகூட விடுபடவில்லை. தேதி, நேரம், தலைப்பு எல்லாம் பக்கா. எட்டரை மணிக்கு முதல் மாடி ஸ்லாப்பின் ஓரத்தூண்களுக்கு சென்ட்ரிங் பெட்டி மாட்டப் போனார்கள் ஆறு பேர். ஆறு பேரும் பெல்ட் போட்டிருந்தார்கள். சரி, பெல்ட் கயிற்றின் கொக்கி எங்கே? தூணுக்காக நட்டுக்குத்தலாக நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்டார்ட்டர் கம்பியில். கணுக்கால் உயரத்தில். மேல்முனை மொட்டையாக நிற்கிற கம்பியில்.

ஆள் விழுந்தால் கயிறு கம்பியை வெளிப்பக்கம் இழுக்கும். கம்பி வளையும், கொக்கி வழுக்கி முனை வழியாகக் கழன்று ஆளோடு சேர்ந்து கீழே போகும். ஆனால் தலைமை அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் போன போட்டோவில் ஆறு பேர் நெஞ்சிலும் பளபளவென்று பெல்ட் தெரிகிறது இல்லையா? உடனே பச்சை டிக். கொக்கி போட்டோவுக்குள் வரவில்லை, அதனால் கொக்கி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை.

சரி, காலையில் என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். மொரீஷியஸ் சைட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏழேகால் மணி, கேட் பக்கம், ஜெனரேட்டர் ஓடுகிறது. முன்னால் சார்ஜ்மேன், கையில் தாள். தாள் ஆங்கிலம், அவர் வாய் பிரெஞ்சு, நடுநடுவே உள்ளூர்க் கிரியோல் மொழி. எதிரே பாதிப் பேர் பங்களாதேஷ்காரர்கள். பிறகு நேபாளிகள், மடகாஸ்கர்காரர்கள், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த நம் கம்பி கட்டுகிறவர்கள் நான்கு பேர், உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம். அன்றைக்கு வேலை ஸ்லாப் ஓரத்தில். பேச்சின் தலைப்பு என்ன தெரியுமா? "சுமை தூக்கும்போது முழங்காலை மடக்குவது எப்படி." ஏனென்றால் மாதக் காலண்டரில் அந்தத் தேதிக்கு அதுதான் அச்சாகியிருக்கிறது. காலண்டரை மாற்ற ஒரு படிவம், படிவத்துக்கு ஒரு கையெழுத்து, கையெழுத்துக்காரர் லீவு.

கடைசியில் போனால் போகிறது என்று ஒரு வரி: "உயரத்தில் வேலை செய்கிறவர்கள் பெல்ட் போடுங்கள், எல்லாம் கொரெக்தானே?" கூட்டம் முழுக்க ஒரே குரலில், "கொரெக்!" அவ்வளவுதான், உயரப் பாதுகாப்பு முடிந்தது.

இல்லை, இன்னும் முடியவில்லை, மொழிபெயர்ப்பு இருக்கிறதே. வங்காளிகளின் சர்தார் திரும்பி நின்றார். பதினைந்து நிமிடப் பேச்சு நான்கே சொல்லில் இறங்கியது: "ஹெல்மெட் பொரோ, காஜ் கொரோ." ஹெல்மெட் போடு, வேலையைப் பார். பெல்ட் வழியிலேயே காணாமல் போய்விட்டது. ஆனால் சர்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய கும்பல் எத்தனை பெட்டி மாட்டியது என்பதைத்தான் மாலையில் கேட்கப் போகிறார்கள், எத்தனை சொல்லை மொழிபெயர்த்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவருக்குச் சம்பளம் மேஸ்திரி வேலைக்கு. மொழிபெயர்ப்பு ஓசி.

அடுத்து அந்தக் கேள்வி. "புரிந்ததா?" உலகத்திலேயே இதைவிடப் பயனற்ற கேள்வி கிடையாது. புரியவில்லை என்று யார் சொல்வார்? ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவர். வேலை அனுமதி இந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. நாற்பது பேர் முன்னால் கையைத் தூக்கி "எனக்குப் புரியலை" என்றால், அடுத்த பட்டியலில் திருப்பி அனுப்பப்படும் பெயர் தன்னுடையதாக இருக்குமோ என்ற பயம் அவருக்கு. அதனால் தலையாட்டுவார். நீங்கள் சுவாஹிலியில் கேட்டாலும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள் பாருங்கள், அதுதான் எரிகிறது. 2005ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பயிற்சியையும் மேற்பார்வையையும் முதலாளி தலையில்தான் வைத்திருக்கிறது. இங்கே அதைத் தொழிலாளியின் பேனாமுனைக்கு மாற்றிவிட்டார்கள். நாளைக்கு எவனாவது விழுந்தால் "சொன்னோமே, கையெழுத்துப் போட்டிருக்கிறானே" என்று அந்தத் தாளைத்தான் நீட்டப்போகிறார்கள்.

நம் ஊர்க்காரரிடம் போய்க் கேட்டால் அங்கேயும் அதே கதை.

"தம்பி, கொக்கிய எங்க மாட்டியிருக்க?"

"கம்பியிலதான்ணே. நல்லா உறுதியா இருக்கு, இழுத்துப் பாத்தேன்."

கையால் இழுத்துப் பார்த்தாராம்! மூன்றரை மீட்டர் சும்மா விழுந்துவிட்டுச் சடாரென்று நிற்கிற உடம்பின் இழுப்புக்கும் கை இழுப்புக்கும் சம்பந்தமே கிடையாது. ஆக, இது மொழிப் பிரச்சினை மட்டுமில்லை. சுத்தத் தமிழில் சொன்னாலும் "பெல்ட் போடு" என்று மட்டும் சொன்னால் இதுதான் நடக்கும்.

இப்போது அந்தக் கணக்கு. சைட்டில் யாருமே போடாத கணக்கு, ஐந்தாம் வகுப்புக் கூட்டல்தான். பெல்ட்டின் கயிறு 2 மீட்டர். அதில் மடித்துத் தைத்த ஒரு பொட்டலம் இருக்கும். விழும்போது தையல் கிழிந்து நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதுதான். ஐரோப்பியத் தரப்படி அது அதிகபட்சம் 1.75 மீட்டர் நீளலாம். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே கைக்காவலாக ஒரு மீட்டர். கூட்டுங்கள்: 6.25 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே இவ்வளவு வெற்றிடம் வேண்டும்.

நம் ஸ்லாப் தரையிலிருந்து 4 மீட்டர். கொக்கி காலடியில். ஆள் விழுந்து கயிறு முதன்முதலாக விறைக்கும்போது முதுகு வளையம் தரையிலிருந்து 2 மீட்டர், பாதம் அரை மீட்டர். பொட்டலம் அப்போதுதான் கிழிய ஆரம்பிக்கும், அதற்குள் கால் தரையில் மோதிவிடும். கம்பி வளையாமல், கொக்கி கழலாமல், எல்லாம் சரியாக இருந்தாலே இந்தக் கதி. அதாவது அந்த ஆறு பேரும் சுமந்துகொண்டிருந்தது பாதுகாப்பு இல்லை, அலங்காரம்.

"அப்போ மேலே மாட்டச் சொல்லுங்க" என்று அலுவலகத்திலிருந்து அறிவுரை வரும். எதில் மாட்டுவது, மேகத்திலா? தலைக்கு மேல், ஸ்லாப்பிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் உறுதியான ஒரு பிடி இருந்திருந்தால் பொட்டலம் முழுக்க நீண்டாலும் பாதம் தரையிலிருந்து முக்கால் மீட்டரில் நின்றிருக்கும், தப்பித்திருப்பான். ஆனால் திறந்த ஸ்லாப்பில் தலைக்கு மேல் வானம்தான் இருக்கிறது. இந்த உயரத்துக்கு வேண்டியது ஓரத் தடுப்புக் குழாய்: ஒரு மீட்டர் உயரத்தில் மேல்குழாய், நடுவே ஒன்று, கீழே சாமான் உருளாமல் ஒரு பலகை. அது முடியாத மூலையில், விளிம்பைத் தாண்டி உடம்பு போகவே முடியாத அளவுக்குக் குட்டையான கயிறு, கான்கிரீட்டில் முறையாகப் பதித்த வளையத்தில்.

தடுப்புக் குழாய் இருந்ததா என்று கேட்காதீர்கள், வயிறு எரியும். இருந்தது! போன வாரம் பலகைக் கட்டை ஏற்ற ஒரு கும்பல் கழற்றியது. ஏற்றி முடித்தது. குழாயைச் சுவர் ஓரமாக அழகாக அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது. கழற்றியவர்கள் ஒரு சப்-கான்ட்ராக்டர், மாட்ட வேண்டியவர்கள் இன்னொருவர், பார்க்க வேண்டியவர் முழங்கால் மடக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதைச் சரிசெய்ய லட்சம் ரூபாய் ஆகாது. பேச்சைக் கேட்டில் வைக்காதே, வேலை நடக்கிற ஸ்லாப்பில் வை. 43 பேரை நிற்க வைக்காதே, அந்த ஆறு பேர் போதும். ஒரு விஷயம், ஐந்து நிமிடம். தரையில் டேப்பை நீட்டி 6.25 மீட்டருக்கு ஒரு சாக்குக்கட்டிக் கோடு, பக்கத்திலேயே 4 மீட்டருக்கு இன்னொரு கோடு. கயிற்றைப் பக்கத்தில் நீட்டி வை. வங்காளமும் வேண்டாம், மலகாசியும் வேண்டாம். எந்தக் கோடு நீளம் என்று எல்லாருக்கும் கண் இருக்கிறது. பிறகு கொக்கியைக் கையில் கொடுத்து "எங்கே மாட்டுவாய், மாட்டிக் காட்டு" என்று சொல். சர்தாரிடம் கொடுக்காதே, அவருக்குத் தெரியும். கும்பலிலேயே புதிதாக வந்தவரிடம் கொடு. அவர் கம்பியை நோக்கிப் போனால் பேச்சு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். மாட்டிக் காட்டியதைப் போட்டோ எடு, நெஞ்சை விட்டுவிட்டுக் கொக்கியை எடு. பெல்ட்டின் தொடை வாரையும் இழுத்துப் பார். உள்ளங்கை நுழைகிற அளவுக்கு மேல் தொளதொளத்தால் விழும்போது கிழிவது தொடை. வெயிலில் உரசுகிறது என்று ஆறில் நான்கு பேர் அதைத் தளர்த்திவிட்டுத்தான் நிற்பார்கள்.

இதை எழுதிக் கொடுத்தாயிற்று. பதில் என்ன தெரியுமா? நல்ல யோசனை, அடுத்த மாதக் காலண்டரில் சேர்க்கிறோம். "கொக்கி மாட்டுவது எப்படி", 19ஆம் தேதி. அப்போது நாம் மூன்றாம் மாடியில் இருப்போம், முதல் மாடிக்குச் சுவரே எழும்பியிருக்கும். சிரிப்புதான் வருகிறது, வேறென்ன செய்வது.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம் ஐயா. காலைப் பேச்சு முடிவதற்குள் கேட்டுக்கு வெளியே வருகிற தால்பூரி வண்டியைத் தலைமை அலுவலகத்து ஆட்கள் மொய்த்துவிடுகிறார்கள். நமக்கு எப்போதும் ஆறின ஒரு ஜோடி. அதிலும் மிளகாய்ச் சட்னி தீர்ந்துபோச்சாம். பத்து மணிவரை வெறும் பட்டாணிக் கறியோடு எவன் ஸ்லாப் ஏறுவான்?