ஒத்து வருகிறதாம்!

சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. அதுவும் சரியான விடைக்கு! நேற்று இரவு மகளின் டியூஷன் நோட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாபாரி ஒருவர் இரண்டு சுங்குடிச் சேலைகளைத் தலா 600 ரூபாய்க்கு விற்கிறார். ஒன்றில் 20% இலாபம், இன்னொன்றில் 20% நட்டம். மொத்தத்தில் என்ன ஆயிற்று? மகள் 4% நட்டம் என்று எழுதியிருந்தாள். கைடு சொல்கிறதாம், இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று. இந்தக் கைடை நம்பிச் சித்திரைத் திருவிழாவில் கடை போட்டால், அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் முதல் கரைந்துவிடும்.

இன்று மாலை டியூஷன் ஆசிரியரிடமே நேரே போய்க் கேட்டேன்.

“600-இல் 20% என்பது 120 சார். ஆகவே ஒரு சேலையின் அடக்க விலை 480, மற்றது 720. கூட்டினால் 1,200. விற்றதும் 1,200.”

“சரிபார்த்தீர்களா?”

“பார்த்தேனே! 480-உடன் 120-ஐக் கூட்டினால் 600. 720-இல் 120-ஐக் கழித்தால் 600. ஒத்து வருகிறது சார்.”

ஒத்து வராமல் எங்கே போகும்? 600-இலிருந்து தாமே கழித்த 120-ஐத் தாமே திரும்பக் கூட்டினால் 600 வராமல் யானைமலையா வரும்? பூட்டிய கதவைத் தானே திறந்துவிட்டு, சாவி சரியாகத்தான் இருக்கிறது என்று பூரித்துப்போவதற்குப் பெயர் சரிபார்ப்பாம்.

ஐயா, அந்த 120-ஐ மறந்துவிடுங்கள். நீங்கள் கண்டுபிடித்த அடக்க விலையிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். 480-இல் 20% என்பது 96, கூட்டினால் 576. 720-இல் 20% என்பது 144; கழித்தால் அதுவும் 576. கேள்வியில் இருப்பது 600. இரண்டு சேலையிலும் 24 ரூபாய் எங்கே ஐயா? நீங்கள் சொன்ன விலைக்கு வாங்கியிருந்தால் முதல் சேலையில் இலாபம் 120-ஐ 480-ஆல் வகுத்து 25% அல்லவா வரும்?

இலாபம் வந்த சேலைக்கு 600 ரூபாய் என்பது அடக்க விலையில் 120%. ஆகவே அடக்கம் 500. நட்டப்பட்டதற்கு அதே 600 அடக்கத்தில் 80%தான். ஆகவே 750. போட்டது 1,250, வந்தது 1,200. போனது 50, அதாவது 4%. என் மகள் இதைத்தான் நான்கே வரியில் எழுதியிருந்தாள்.

கடைக்காரர்கள் சிலர் விற்கும் விலையின்மேல் மார்ஜின் பார்ப்பது உண்டு. அதைச் சொல்லி வாதாடியிருந்தாலாவது, பாடக் கணக்கில் வேறு குறிப்பு இல்லாவிட்டால் அடக்க விலைதான் என்று மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் சொன்னதோ, “கைடில் அப்படித்தான் சார் போட்டிருக்கிறது.”

பேசாமல் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் என் செருப்பைக் காணவில்லை. போன வாரம்தான் 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அடக்க விலையில் முழுதாக 100% நட்டம். விற்பனை விலையில் எத்தனை சதவீதம் என்று உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். பூஜ்யத்தால் வகுத்து அதையும் ஒத்து வரச் செய்திருப்பார்.