பெலாங்காஸ் ரத்தம் ஊசிக்குள் போவதில்லை

"பெலாங்காஸ் நீல ரத்தத்தைத்தான் தடுப்பூசியில் கலக்கிறார்களாம், அதனால்தான் அந்த இனமே அழிகிறதாம், உண்மையா?" பினாங்கில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி கேட்டது.

இல்லை சித்தி. பெலாங்காஸ் என்கிற குதிரைலாட நண்டின் ரத்தம் ஒரு துளிகூட மருந்தில் சேர்வதில்லை. மருந்தில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கத்தான் அது. நீல நிறம் செம்பால் வருவது. சோதனைக்கு அந்த நிறம் தேவையே இல்லை. வேண்டியது ரத்த அணுக்கள் மட்டும். அவற்றைப் பிரித்து, உடைத்து எடுக்கும் சாறுதான் சோதனைப்பொருள்.

மருந்தைக் கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். ஆனால் சிலவகை பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள நஞ்சு அப்படியே தங்கும். ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், அதிர்ச்சி. அதனால் மருந்தின் மாதிரி 0.1 மில்லியுடன் அதே அளவு சாற்றைச் சின்னக் குழாயில் சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். வழிந்தால் தேர்ச்சி. உறைந்து ஒட்டி நின்றால் நஞ்சு வரம்பை மீறிவிட்டது, அந்தத் தொகுதி வெளியே போகாது. முன்பு இதற்கு முயல்களுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் பார்த்தார்கள்.

சரி, எண்ணிக்கை ஏன் குறைகிறது? ரத்தம் எடுப்பதும் ஒரு காரணம்தான். அமெரிக்காவில் எடுத்தபின் கடலில் விடுகிறார்கள், ஆனாலும் ஒரு பங்கு சாகிறது. நம் பக்கம் முட்டைக்காகப் பிடிப்பதும், முட்டையிடும் கரையை மண் கொட்டி மேடாக்குவதும் பெரிய அடி. வளர்ந்து முட்டையிடவே பத்து வருஷம் போல ஆகும் உயிர் அது. ரத்தம் எடுக்காமலே செய்யும் மாற்றுச் சோதனைப்பொருளின் மரபணுவை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் எடுத்ததும் நம் சதுப்புநிலப் பெலாங்காஸிலிருந்துதான்.